பாஸ்வேர்ட் மாத்தியாச்சு, ஆனா லாப் கம்ப்யூட்டர் இன்னும் திறந்துதான் இருக்கு

போன செமஸ்டர்ல ஒரு பொண்ணு மதியம் போன் பண்ணுச்சு, "சார், லாப்ல லாக் அவுட் பண்ணாம ஹாஸ்டலுக்கு வந்துட்டேன், உடனே போன்லயே பாஸ்வேர்ட் மாத்திட்டேன், இனி பயமில்லைல்ல?" பயம் இருந்துச்சு. எங்க கேம்பஸ்ல லாகின் நடக்கறது கெர்பரோஸ்ங்கற முறைல, அது 1983ல எம்ஐடில ஆரம்பிச்ச அதீனா திட்டத்துக்காக உருவானது, நெட்வொர்க்ல பாஸ்வேர்ட் போகவே கூடாதுங்கறதுதான் அதோட அடிப்படை.

காலைல 9:05க்கு அந்தப் பொண்ணு பாஸ்வேர்ட் அடிச்சப்போ கம்ப்யூட்டர் அதை எங்கயும் அனுப்பல. அதுலேர்ந்து ஒரு சாவி செஞ்சு, இப்போ மணி என்னங்கறதை அந்த சாவியால பூட்டி டிக்கெட் கொடுக்கற சர்வருக்கு அனுப்புச்சு (அதனாலதான் லாப் கடிகாரம் 5 நிமிஷத்துக்கு மேல தப்பா இருந்தா லாகினே ஆகாது). சர்வர்கிட்டயும் அதே சாவி இருக்கு, திறந்து பாத்து நேரம் சரின்னா 10 மணி நேரத்துக்கு ஒரு முதல் டிக்கெட் தரும். அதுக்கப்புறம் பாஸ்வேர்டுக்கு வேலையே இல்ல. பிரிண்டர் வேணுமா, ஃபைல் சர்வர் வேணுமா, கம்ப்யூட்டரே முதல் டிக்கெட்டைக் காட்டி அதுக்குன்னு தனி டிக்கெட் வாங்கிக்கும், ஃபைல் சர்வர் அதைத் தன்னோட சாவியால திறந்து பேரையும் முடியற நேரத்தையும் பாத்து உள்ள விட்டுடும்.

லாப் கம்ப்யூட்டர்ல கிடக்கற டிக்கெட்டை எல்லாம் `klist` காட்டும், அடிச்சுப் பாத்தா இப்படி இருந்துச்சு, krbtgt வரிதான் முதல் டிக்கெட், nfs வரி ஃபைல் சர்வருக்கு வாங்குனது:

```
$ klist
Valid starting     Expires            Service principal
09:05:11           19:05:11           krbtgt/CAMPUS.EXAMPLE
09:06:40           19:05:11           nfs/files.campus.example
```

(தேதியை எடுத்துட்டு சுருக்கியிருக்கேன்.) இதுல எந்த வரியும் பாஸ்வேர்டைப் பத்திப் பேசல, கவனிங்க. முதல் டிக்கெட் பூட்டியிருக்கறது டிக்கெட் கொடுக்கற சர்வரோட சொந்த சாவியால, அந்தப் பொண்ணோட சாவியால இல்ல, அதனால பாஸ்வேர்ட் மாறினாலும் டிக்கெட் செல்லும். மதியம் ஒரு மணிக்கு பாஸ்வேர்ட் மாத்துனா சாயங்காலம் 7:05 வரைக்கும், ஆறு மணி நேரத்துக்கு, அந்த நாற்காலில யார் உக்காந்தாலும் அவங்க அந்தப் பொண்ணுதான். ஃபைலைப் படிக்கலாம், அழிக்கலாம், அவ பேர்ல பிரிண்ட் எடுக்கலாம். பாஸ்வேர்ட் மட்டும் அவங்களுக்குத் தெரியாது, அவ்ளோதான்.

பாஸ்வேர்ட் மாத்துனது வீண்ன்னு சொல்லல, யாராவது பின்னாடி நின்னு பாத்திருந்தா அது உதவும். ஆனா இங்க பிரச்சினை கம்ப்யூட்டர்ல கிடக்கற டிக்கெட். லாப் அட்டெண்டர் அண்ணாவுக்கு போன் பண்ணி மெஷின் நம்பர் சொல்லி அந்த செஷனை லாக் அவுட் பண்ணச் சொன்னோம், அதுலயே டிக்கெட் ஃபைலும் போயிடும்படி எங்க மெஷின்ல வச்சிருக்கோம். உங்க லாப்ல அப்படி இருக்கான்னு தெரியலன்னா, எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி டெர்மினல்ல `kdestroy` அடிங்க, அது டிக்கெட்டை அழிச்சிடும், அப்புறம் `klist` அடிச்சா லிஸ்ட்ல ஒண்ணும் வரக்கூடாது, அதைப் பாத்துட்டு லாக் அவுட் பண்ணுங்க.