டாஷ்போர்டில் 2.36 கோடி, ஃபைனான்ஸில் 1.74 கோடி

நவம்பர் இரண்டாவது வாரத்தில் மேனேஜரிடமிருந்து ஒரு சின்ன மெயில் வந்தது. "அக்டோபர் வருவாய் டாஷ்போர்டில் 2.36 கோடி. ஃபைனான்ஸ் ரிப்போர்ட்டில் 1.74 கோடி. எது சரி?"

ஆன்லைனில் மிக்ஸி விற்கும் ஒரு நிறுவனத்தில் அப்போது அனலிஸ்டாக இருந்தேன். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. வருடத்தின் பெரிய விற்பனை முழுவதும் அந்த ஒரே மாதத்தில் விழுந்திருந்தது. 62 லட்ச ரூபாய் வித்தியாசம் என்றால் யாருக்கும் தூக்கம் வராது. பதில் எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே பிரித்துக் காட்டுகிறேன். எண்களை மட்டும் மாற்றி, கணக்குப் போட வசதியாக அமைத்திருக்கிறேன்.

இந்த வேலையில் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து முறைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. ஒரு எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு காரணத்துக்கும் உரிய தொகையைக் கழித்தோ கூட்டியோ மற்ற எண்ணில் போய் நிற்க வேண்டும். பேங்க் பாஸ்புக்கையும் கடைக் கணக்கையும் ஒத்துப் பார்ப்பது போலத்தான். நான் டாஷ்போர்டில் தொடங்கினேன்.

முதலில் பார்க்க வேண்டியது, டாஷ்போர்டு தன் கணக்கையே சரியாகப் போடுகிறதா என்பது. அதன் பின்னால் ஓடிய குவெரியின் சாரம் இது:

```sql
SELECT SUM(o.total)
FROM orders o
LEFT JOIN shipments s
  ON s.order_id = o.id
```

எந்தக் கூரியரில் எவ்வளவு போகிறது என்று காட்டுவதற்காக யாரோ `shipments` டேபிளைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு ஆர்டர் ஒரே பார்சலாகப் போகும் வரை இதில் தொல்லை இல்லை. மிக்ஸி ஒரு குடோனிலிருந்தும் கூடுதல் ஜார் இன்னொரு குடோனிலிருந்தும் போனால், அந்த ஆர்டருக்கு `shipments`-இல் இரண்டு வரிசை இருக்கும். சேர்த்ததும் ஆர்டரும் இரண்டு வரிசையாகிவிடும். 5,900 ரூபாய் ஆர்டர் 11,800 ஆகக் கூட்டப்படும். `COUNT(*)` போட்டு வரிசைகளை எண்ணினேன், `COUNT(DISTINCT o.id)` போட்டுத் தனித்தனி ஆர்டர்களை எண்ணினேன். இரண்டும் வேறு வேறு எண். இரட்டிப்பு இருக்கிறது என்று கண்டுகொள்ள அந்த ஒரு சோதனை போதும்.

இதைச் சரிசெய்ய அவசரத்தில் `SUM(DISTINCT o.total)` என்று மாற்றுகிறவர்கள் உண்டு. அது இன்னும் மோசம். ஒரே விலைக்கு மிக்ஸி வாங்கிய நூறு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். பார்சல் டேபிளைச் சேர்க்காமல் ஆர்டர் டேபிளை மட்டும் கூட்டினால் போதும். அப்படிக் கூட்டியபோது 11.8 லட்சம் குறைந்து, 224.2 லட்சம் நின்றது.

அடுத்தது ஜி.எஸ்.டி. வாடிக்கையாளர் கட்டும் விலையில் வரியும் அடக்கம், டாஷ்போர்டு அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஃபைனான்ஸுக்கு அந்த வரி வருவாயே இல்லை. அரசுக்காக வசூலித்துக் கையில் வைத்திருக்கும் பணம் அது. எங்கள் பொருள் எல்லாம் 18 சதவீதம். இங்கே பலர் சறுக்குகிறார்கள்: 1,180 ரூபாயில் 18 சதவீதத்தைக் கழித்தால் 967.60 வரும், அது தப்பு. வரி ஏறியது 1,000 ரூபாய் மேல்தான், ஆகவே 1.18-ஆல் வகுக்க வேண்டும். 224.2 லட்சத்தை அப்படி வகுத்தால் சரியாக 190 லட்சம். 34.2 லட்சம் வரியாகப் போனது. மொத்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு வகுத்தலில் தீர்ந்துவிட்டது.

இதற்கு அப்புறம்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. வாடிக்கையாளர் பட்டனை அழுத்திய தேதியில் டாஷ்போர்டு ஆர்டரை எண்ணுகிறது. இந்தியக் கணக்கியல் தரம் 115 பொருந்தும் நிறுவனங்களில், பொருளின் கட்டுப்பாடு வாடிக்கையாளர் கைக்கு மாறும்போதுதான் அது வருவாய். எங்கள் விஷயத்தில் அது டெலிவரி. பணம் முன்னாலேயே வந்திருந்தாலும் பொருள் லாரியில் இருக்கும் வரை அது முன்பணம்தான். கேஷ் ஆன் டெலிவரியில் அதுவும் இல்லை, வாசலில் வைத்து "வேண்டாம்" என்று சொல்லவும் வாய்ப்புண்டு.

அக்டோபரில் ஆர்டராகி 31-ஆம் தேதி வரை போய்ச் சேராதவை 22 லட்சம். செப்டம்பர் கடைசியில் ஆர்டராகி அக்டோபரில் சேர்ந்தவை 14 லட்சம். முன்னதைக் கழித்து, பின்னதைக் கூட்டினால் 182 லட்சம். சாதாரண மாதங்களில் இந்த இரண்டும் ஏறக்குறைய சமமாகி ஒன்றையொன்று விழுங்கிவிடும். அதனால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. பண்டிகை மாதத்தில் ஒரு பக்கம் வீங்கிவிடுகிறது.

திரும்பி வந்த பொருளை டாஷ்போர்டு கழிப்பதில்லை. ஃபைனான்ஸ் கிரெடிட் நோட் போட்டுக் கழிக்கிறது, இனிமேல் திரும்பி வரக்கூடியவற்றுக்கும் ஒரு மதிப்பீட்டைக் கழிக்கிறது. இரண்டும் சேர்ந்து 7.6 லட்சம். ஆக 174.4 லட்சம்.

ஃபைனான்ஸ் சொன்னது 174. மிச்சம் 40,000 ரூபாய். இரண்டு கோடிக் கணக்கில் இது தூசு, 'ரவுண்டிங்' என்று எழுதி அனுப்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. காரணம் தெரியாத 40,000 என்பது, பெரிய கூட்டலும் பெரிய கழித்தலும் ஒன்றையொன்று மறைத்த மிச்சமாகவும் இருக்கலாம்.

அப்படித்தான் இருந்தது. எங்கள் டேட்டாபேஸ் நேரத்தை யு.டி.சி.யில் வைத்திருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். `created_at::date` என்று எழுதினால், நவம்பர் 1 விடியற்காலை மூன்று மணிக்கு வந்த ஆர்டர் அக்டோபர் 31 கணக்கில் விழும். அதே போல அக்டோபர் 1 விடியற்காலை ஆர்டர்கள் செப்டம்பருக்குப் போய்விடும். டெலிவரி கணக்கை நான் நம் நேரப்படி எடுத்திருந்தேன், அதனால் இந்த இரண்டும் என் கையில் சிக்கவில்லை. தப்பாக உள்ளே வந்தவை 1,30,000. தப்பாக வெளியே போனவை 90,000. வித்தியாசம் அதே 40,000. போஸ்ட்கிரெஸில் `created_at` `timestamptz` வகையாக இருந்தால் திருத்தம் ஒரு வரிதான்:

```sql
(created_at AT TIME ZONE 'Asia/Kolkata')::date
```

மெயிலில் இத்தனை கதையையும் எழுதவில்லை. மேல்வரியிலேயே பதில் இருக்கும்படி இப்படித் தொடங்கினேன்:

"வணக்கம் மேடம். வருவாய் என்று வெளியே சொல்ல வேண்டிய எண் 1.74 கோடி. டாஷ்போர்டு காட்டுவது ஆர்டர் மதிப்பு, அதிலும் 11.8 லட்சம் இரட்டை எண்ணிக்கை. அதுவும், 40,000 ரூபாய்க்கான நேரக் கோளாறும் எங்கள் பக்கத் தவறு, இன்று திருத்திவிட்டோம். மீதி 49.8 லட்சம் தவறல்ல: வரி 34.2, டெலிவரி தேதி 8, ரிட்டர்ன் 7.6. டாஷ்போர்டில் 'வருவாய்' என்ற தலைப்பை 'ஆர்டர் மதிப்பு, வரி உட்பட' என்று மாற்றட்டுமா?"

கீழே ஐந்து வரியில் ஒரு அட்டவணை, அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. தலைப்பை மாற்றச் சம்மதம், கூடவே ஒரு கேள்வி: "இந்த இரட்டை எண்ணிக்கை எப்போதிலிருந்து?" மாதம் மாதமாக அந்த இரண்டு `COUNT`-ஐயும் ஓட்டினேன். ஜூன் வரை இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஜூலையில் பிரியத் தொடங்கின. இரண்டாவது குடோன் திறந்தது அந்த மாதம். ஜூலையிலிருந்து நாங்கள் மீட்டிங்கில் காட்டிய வளர்ச்சிக் கோட்டில் ஒரு பகுதி, ஒரே ஆர்டரை இரண்டு பெட்டியில் போட்டு அனுப்பியதால் வந்தது.