இளஞ்சிவப்பு முடிச்சும் தெளிந்த வளையமும்

உயிர் உரமாக விற்கப்படும் ரைசோபியம் பாக்கெட்டில் சொல்லிக்கொள்ளும்படியான தழைச்சத்து கிடையாது. பாஸ்போபாக்டீரியா பாக்கெட்டில் மணிச்சத்தும் அப்படித்தான். இருப்பதெல்லாம் ஈரக் கரித்தூளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாக்கள். எனவே யூரியாவைச் சோதிப்பதுபோல் இதில் எத்தனை சதவீதம் சத்து என்று அளந்துவிட்டு நகர முடியாது. உள்ளே இருப்பவை உயிரோடு இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். உயிரோடு இருந்தால், சொன்ன வேலையைச் செய்கின்றனவா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். முதல் சோதனை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவதில்தான் வேறுபாடு. ரைசோபியம் வேலை செய்தால் அதைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். பாஸ்போபாக்டீரியா அப்படி எளிதில் அகப்படாது.

தழைச்சத்து என்பது நைட்ரஜன்; காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால் செடிக்கு அது பயன்படுவதில்லை. ரைசோபியத்தின் நைட்ரஜனேஸ் என்ற நொதி அந்தப் பிணைப்பை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. பாக்டீரியா இதைத் தனியாகச் செய்வதில்லை. வேருக்குள் குடிபுகுந்த பிறகே செய்கிறது. பயறு வகைச் செடியின் வேர் ஃபிளேவனாய்டு என்ற வகைப் பொருள்களை மண்ணில் கசியவிடும். அதை உணர்ந்த ரைசோபியம் பதிலுக்கு ஒரு வேதிச் சமிக்ஞையை அனுப்பும். இரண்டும் பொருந்தினால் வேர்த்தூவியின் நுனி சுருண்டு பாக்டீரியாவை வளைத்துக்கொள்ளும். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் உள்ளே நீளும், அதன் வழியே பாக்டீரியா வேரின் திசுவுக்குள் செல்லும், அங்கே முடிச்சு உருவாகும். எல்லாச் செடிக்கும் எல்லா ரைசோபியமும் பொருந்தாது. சோயாவுக்குப் பொருந்தும் இனத்தைக் கொண்டைக்கடலை வேர் ஏற்றுக்கொள்வதில்லை. பாக்கெட்டின் மேல் பயிரின் பெயர் போட்டிருப்பது இதனால்தான்.

நைட்ரஜனேஸுக்கு ஒரு பலவீனம் உண்டு: ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைச் செடி லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தால் தீர்க்கிறது. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் புரதம் இது. ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, வேண்டிய அளவு மட்டும் பாக்டீரியாவுக்குக் கொடுக்கிறது. வேலை செய்யும் முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது இந்தப் புரதத்தால்தான்.

இப்போது ஒரு சோயா ரைசோபியம் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து 10 கிராம் எடுத்து, கிருமி நீக்கிய 90 மி.லி. நீரில் போட்டு நன்றாகக் குலுக்குவார்கள். அதில் 1 மி.லி. எடுத்து 9 மி.லி. நீரில் கலப்பார்கள், அதிலிருந்து மீண்டும் 1 மி.லி. இப்படிப் பத்து லட்சத்தில் ஒரு பங்காக நீர்க்கும் வரை தொடர்ந்து, அந்த நீரில் 0.1 மி.லி.யை, பாக்டீரியா வளரும் கூழான அகார் நிரப்பிய தட்டில் பரப்புவார்கள். மூன்று தட்டுகளின் சராசரியாக, ஒவ்வொன்றும் ஒரு பாக்டீரியாவிலிருந்து பெருகிய 62 கூட்டங்கள் முளைத்தன என்று வைத்துக்கொண்டால், பத்தால் பெருக்கி, பிறகு பத்து லட்சத்தால் பெருக்க வேண்டும். ஒரு கிராமில் 62 கோடி உயிருள்ள பாக்டீரியா.

எண்ணுவது எளிது. எண்ணப்பட்டது ரைசோபியம்தானா என்பதில்தான் கவனம் தேவை. இதற்காக ஈஸ்ட் சாறும் மானிட்டால் சர்க்கரையும் கொண்ட அகாரில் காங்கோ சிவப்பு என்ற சாயத்தைச் சேர்ப்பார்கள். ரைசோபியம் பொதுவாக அந்தச் சாயத்தை உறிஞ்சாது. வெளுத்த, பளபளப்பான, கோந்து போன்ற கூட்டமாக வளரும். பிற பாக்டீரியாக்கள் பல சிவந்துவிடும். சாயத்தைவிட நான் அதிகம் நம்புவது நாள்காட்டியை. சோயாவின் ரைசோபியம் மெதுவாக வளரும் இனம். 28 டிகிரி வெப்பத்தில் கண்ணுக்குத் தெரிய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். இரண்டாம் நாளே தட்டு நிறைந்துவிட்டால் அது கொண்டாட வேண்டிய செய்தி அல்ல. பாக்கெட்டில் அந்நியர்கள் புகுந்துவிட்டார்கள் என்று பொருள்.

அந்த 62 கோடி போதுமா? ஒரு கிலோ சோயா விதைக்கு 10 கிராம் தூளைப் பூசினால் 620 கோடி பாக்டீரியா. கிலோவுக்குச் சுமார் 6,000 விதைகள் என்றால் ஒரு விதைக்குப் பத்து லட்சம் சொச்சம். சோயா போன்ற பெரிய விதைக்கு ஒரு லட்சமாவது வேண்டும் என்பது துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஆக இந்தப் பாக்கெட் தேறும். ஆனால் இதே பாக்கெட் வெயிலில் கிடந்து ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் பிழைத்திருந்தால் விதைக்கு ஆயிரம்தான். பூசிய பிறகும் சாவு நிற்பதில்லை. விதையின் மேல் ஈரம் காயக் காய மணிக்கணக்கில் எண்ணிக்கை சரியும். பூஞ்சைக் கொல்லி பூசிய விதை என்றால் இன்னும் வேகமாக. உற்பத்தியாகும் இடத்தில் எண்ணுவதோடு நிறுத்தாமல், காலாவதித் தேதி நெருங்கிய பாக்கெட்டையும் விதையின் மேற்பரப்பையும் எண்ணிப் பார்ப்பதுதான் உருப்படியான சோதனை.

அடுத்து, வேலை. கிருமி நீக்கிய மணலில், நைட்ரஜன் மட்டும் இல்லாத ஊட்டக் கரைசல் ஊற்றி மூன்று தொகுதிச் செடிகளை வளர்ப்பார்கள். முதல் தொகுதிக்கு எதுவும் கிடையாது. இரண்டாவதற்கு ரைசோபியம். மூன்றாவதற்கு நைட்ரேட் உரம். நான்கைந்து வாரங்களில் முதல் தொகுதி வெளிறி நிற்க வேண்டும்; அதன் வேரில் ஒரு முடிச்சுகூட இருக்கக் கூடாது. இருந்தால் எங்கிருந்தோ பாக்டீரியா புகுந்திருக்கிறது, சோதனை முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டாம் தொகுதி மூன்றாவதை எந்த அளவுக்கு எட்டுகிறது என்பதே அந்த இனத்தின் திறன்.

வயலில் செடியைப் பிடுங்கக் கூடாது. முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். சுற்றிலும் தோண்டி, மண் கட்டியோடு எடுத்து, நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். ஆணிவேரின் மேற்பகுதியில் திரண்ட முடிச்சுகள் இருந்தால் அவை விதையில் பூசியவற்றால் வந்திருக்கும் வாய்ப்பு அதிகம். தொலைவில் பக்கவேர்களில் சிதறிக் கிடப்பவை பெரும்பாலும் மண்ணில் ஏற்கெனவே இருந்தவற்றின் வேலை. பிளேடால் நறுக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பு என்றால் நைட்ரஜன் கிடைத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளை என்றால் முடிச்சு இன்னும் முதிரவில்லை அல்லது உதவாத இனம் குடியேறியிருக்கிறது. பச்சை, பழுப்பு என்றால் முடிச்சின் காலம் முடிந்துவிட்டது.

இவ்வளவு நல்ல பாக்டீரியாவும் வயலில் தோற்பது உண்டு. மண்ணில் முன்பே பொருத்தமான ரைசோபியம் இருந்தால் அதுவே வேரில் இடம் பிடித்துவிடும். ஒரு கிராம் மண்ணில் ஐம்பது இருந்தாலே புதிதாகப் பூசுவதால் விளைச்சல் கூடாமல் போகலாம் என்று 1991இல் வெளியான ஹவாய் ஆய்வுகள் காட்டின. இன்னொரு காரணம் செடியின் சிக்கனம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க, உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி குறைந்தது 16 செலவாகிறது, அதற்கான சர்க்கரையைச் செடிதான் தர வேண்டும். மண்ணிலேயே நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு போடுவதைக் குறைத்துக்கொள்ளும். உரம் போட்ட வயலில் ரைசோபியத்தைச் சோதித்துப் பலன் இல்லை என்று சொல்வது, சாப்பிட்டு வந்தவரிடம் சமையல் எப்படி என்று கேட்பதுபோல்.

பாஸ்போபாக்டீரியாவின் கதை வேறு. மணிச்சத்தான பாஸ்பரஸ் பல மண்களில் ஏராளமாகவே கிடக்கிறது, ஆனால் பூட்டிக் கிடக்கிறது. காரத்தன்மை உள்ள மண்ணில் கால்சியத்தோடும், அமில மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடும் பிணைந்திருக்கும். இந்த பாக்டீரியாக்களில் பல குளுக்கோஸைக் குளுக்கோனிக் அமிலமாக மாற்றி வெளியே விடுகின்றன. அமிலம் கால்சியம் பாஸ்பேட்டைக் கரைக்கிறது, கால்சியத்தையும் பிடித்துக்கொள்கிறது.

இதற்கான பிரபலமான சோதனை 1948இல் பிகோவ்ஸ்கயா என்ற ஆய்வாளர் வகுத்த வளர்ப்பு ஊடகம். லிட்டருக்கு 10 கிராம் குளுக்கோஸும் 5 கிராம் டிரைகால்சியம் பாஸ்பேட்டும் சேர்ந்த அகார், பால்போல் கலங்கி இருக்கும். பாக்டீரியாவை ஒரு புள்ளியாக வைத்து ஒரு வாரம் விட்டால், கரைக்கும் திறன் உள்ளதைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றும். கூட்டம் 4 மி.மீ., வளையத்தோடு சேர்த்து 10 மி.மீ. என்றால் திறன் குறியீடு 2.5. பார்க்க அழகான சோதனை. இதை மட்டும் வைத்து உயிர் உரம் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏனென்றால் அந்தத் தட்டில் சர்க்கரை வழிகிறது. மண்ணில் பாக்டீரியா பெரும்பாலும் பட்டினி கிடக்கிறது. டிரைகால்சியம் பாஸ்பேட் ஒப்பளவில் எளிதில் கரையும் பொருள். இரும்பு, அலுமினிய பாஸ்பேட்டுகள் அப்படியல்ல. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, அமிலத்தை மண் தாங்கும் சக்தி. திரவ ஊடகத்தில் ஒரு பாக்டீரியா பிஎச் அளவை 7இலிருந்து 4க்கு இறக்கிவிடும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதே அளவு அமிலம் விழுந்த இடத்திலேயே நடுநிலையாகிவிடும். 1998இல் இந்திய ஆய்வாளர்கள் பிஎச் மாறாமல் தடுக்கும் தாங்கல் கரைசலை ஊடகத்தில் சேர்த்துப் பார்த்தபோது, தட்டில் நன்றாகக் கரைத்த பாக்டீரியாக்கள் பாஸ்பேட்டைக் கரைக்கத் திணறின. தாங்கல் சேர்த்த ஊடகத்திலும் வளையம் காட்டுபவற்றைத் தேடுவது அதன்பின் நியாயமான வடிகட்டலாக இருக்கிறது.

தொட்டியில் செடி நன்றாக வளர்ந்தாலும் சந்தேகம் தீராது. இந்த பாக்டீரியாக்களில் பல ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனையும் சுரக்கின்றன. அதனால் வேர் நீண்டு, ஏற்கெனவே கரைந்திருந்த மணிச்சத்தையே கூடுதலாக எடுத்திருக்கலாம். விவசாயிக்கு அதுவும் லாபமே, ஆனால் பாஸ்பேட்டைக் கரைத்தது என்ற வாக்குறுதி வேறு. மேலும் பூசிய கரைசலிலும் செத்த பாக்டீரியாவின் உடலிலும் சிறிது சத்து உண்டு. எனவே ஒப்பீட்டுக்கு வெறும் நீர் ஊற்றிய செடி போதாது. சூடாக்கிக் கொன்ற பாக்டீரியாவைப் பூசிய செடியும் வரிசையில் நிற்க வேண்டும்.

கரைத்ததா, வேரை நீட்டியதா என்று பிரித்துச் சொல்லக் கதிரியக்க பாஸ்பரஸ் உதவுகிறது. பாஸ்பரஸ்-32 சேர்த்த சிறிதளவு பாஸ்பேட்டை மண்ணில் கலந்தால், எளிதில் கிடைக்கும் மணிச்சத்தோடு மட்டும் அது கலந்து அடையாளமிடும். பூட்டிக் கிடப்பதில் பெரும்பாலும் அடையாளம் ஏறாது. பாக்டீரியா உண்மையாகவே பூட்டைத் திறந்தால் செடியில் அடையாளமற்ற பாஸ்பரஸின் பங்கு கூடி, கதிரியக்கத்தின் விகிதம் குறைய வேண்டும். பாக்டீரியா பூசிய செடியிலும் பூசாத செடியிலும் விகிதம் ஒன்றாகவே இருந்து, பூசியது மட்டும் பெரிதாக வளர்ந்திருந்தால், அது வேர் நீண்டதால் வந்த வளர்ச்சி.