“சரிசெய்யப்பட்டது” என்றால், யார் சொன்னது?

மண்டபம் வடகடல் கரையில் காலையில் நின்று பேச்சைக் கேட்டால் ஒரு நுணுக்கம் காதில் விழும். கடலுக்குப் போய்வந்து அப்போதுதான் வல்லத்தைக் கட்டியவர், “வாடை எழும்பிருச்சு” என்பார். அவரிடம் கேட்டுவிட்டு வந்து டீக்கடையில் சொல்பவர், “வாடை எழும்பிருச்சாம்” என்பார். அந்த ஒரு “ஆம்” போதும். கண்ணால் பார்த்தவர் யார், கேட்டுச் சொல்பவர் யார் என்று கடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் புரிந்துவிடும். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று யோசிப்பவர் இரண்டு பேச்சுக்கும் ஒரே எடை கொடுக்க மாட்டார்.

அலுவலகத் தமிழில் இந்த “ஆம்” காணாமல் போகிறது. “அலாரம் சரிசெய்யப்பட்டது” என்று எழுதிவிட்டால், ஆடிட்டர் போய்ப் பார்த்துச் சொல்கிறாரா, நிர்வாகம் அப்படிச் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. உள் தணிக்கை அறிக்கையை மேலிடத்துக்கு இரண்டு பக்கமாகச் சுருக்கித் தரும்போது நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வகைதான்.

அறிக்கையில் மூன்று விதமான பேச்சு இருக்கிறது. ஆடிட்டர் ஆவணத்தையும் இடத்தையும் பார்த்துக் கண்டறிந்தது ஒன்று. அது எவ்வளவு ஆபத்து என்று அவர் போடும் தரம் இன்னொன்று: உயர், நடுத்தரம், குறைவு. இதற்கு நிர்வாகம் தரும் பதில் மூன்றாவது. முதலாவது சாட்சியம், இரண்டாவது ஒருவருடைய கணிப்பு, மூன்றாவது வாக்குறுதி. மூன்றையும் வேறு வேறு விதமாகத்தான் சோதிக்க முடியும். அதனால்தான் அவற்றை ஒரே வாக்கியத்துக்குள் போட்டுக் கலக்கக் கூடாது.

ஒரு அறிக்கையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இந்தக் கரையில் இறாலும் கணவாயும் நண்டும் வாங்கி, உறையவைத்து, தூத்துக்குடி துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம், அடையாளம் தெரியாதபடி விவரங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 138-வது பிரிவு குறிப்பிட்ட வகைக் கம்பெனிகளுக்கு உள் தணிக்கையைக் கட்டாயமாக்குகிறது. ஆண்டு விற்றுமுதல் 200 கோடி ரூபாயைத் தொட்ட தனியார் கம்பெனியும் அதில் அடங்கும். இந்தக் கம்பெனியும் அப்படித்தான் ஆடிட்டரைக் கூப்பிட்டது. அறிக்கை நாற்பது பக்கம் வந்தது.

அதில் முக்கியமானது கோல்டு ஸ்டோரேஜ் பற்றியது. உறைந்த மீனை மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ வைக்க வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் 60 நாள் பதிவை, அறை வெப்பநிலையைத் தானாகக் குறித்துவைக்கும் டேட்டா லாக்கரிலிருந்து ஆடிட்டர் எடுத்துப் பார்த்தார். பனி உருக்குவதற்காக அறை தானாகவே அவ்வப்போது சிறிது நேரம் சூடாகும், அது குறையல்ல. அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்த ஏற்றங்களை மட்டும் எண்ணினார். 11 நாட்களில் அப்படி ஏறியிருந்தது. அதிகபட்சம் மைனஸ் 12 வரை. அந்த 11 நாட்களையும் ஜெனரேட்டர் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். 9 நாட்களில் ஏறிய நேரமும் மின்தடை நேரமும் பொருந்தின. காரணமும் தெரிந்தது. ஜெனரேட்டருக்கு இருக்கும் சக்தியில் ஒரு கம்ப்ரசர்தான் ஓடும், அறைகள் இரண்டு. ராத்திரி ஷிப்டுக்கு எச்சரிக்கை தர வேண்டிய அலாரம் பழுதாகிக் கிடந்தது.

இதற்கு ஆடிட்டர் போட்ட தரம் உயர். நிர்வாகத்தின் பதில் இப்படி இருந்தது: “சிறிய அளவிலான மாறுபாடு. வாங்குபவரிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை. எனவே நடுத்தரம் என்பதே பொருத்தம். அலாரம் சரிசெய்யப்பட்டது. கூடுதல் ஜெனரேட்டர் அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும்.”

இயக்குநர்களுக்கு முதலில் போன சுருக்கத்தில் இந்த விஷயம் ஒரே வரியில் இருந்தது: “குளிர்அறையில் சிறிய அளவில் வெப்பநிலை மாறுபாடு கண்டறியப்பட்டு, சரிசெய்யப்பட்டது (நடுத்தரம்).”

படிக்கச் சுத்தமான வாக்கியம். பொய் என்று எந்தச் சொல்லையும் காட்ட முடியாது. ஆனாலும் அதைப் படித்த இயக்குநர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். “சிறிய அளவில்” என்பது நிர்வாகத்தின் சொல். அது கண்டறிதலுக்குள் நுழைந்துவிட்டது. “கண்டறியப்பட்டு” ஆடிட்டருடையது. “சரிசெய்யப்பட்டது” மறுபடி நிர்வாகத்துடையது, அதுவும் அலாரத்தைப் பற்றி மட்டும் சொன்னது. சுருக்கத்தில் அது முழுப் பிரச்சினைக்கும் பரவிவிட்டது. அடைப்புக்குள் இருக்கும் தரமோ நிர்வாகம் கேட்ட தரம், ஆடிட்டர் போட்டது இல்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு குரல் மாறி மாறிப் பேசுகிறது, யார் பேசுகிறார் என்ற அடையாளமே இல்லாமல். இப்படி எழுதியவர் எதையும் மறைக்க நினைக்கவில்லை. நாற்பது பக்கத்தைச் சுருக்கும் அவசரத்தில் எழுவாயை விட்டார், அவ்வளவுதான். தமிழில் எழுவாயை விட்டாலும் வாக்கியம் இயல்பாகவே நிற்கும் என்பதால் தவறு கண்ணில் படவில்லை.

இதைப் பிரித்து எழுதும்போது முதலில் கண்டறிதலில் கை வைக்க வேண்டும். பெயரடை கூடாது, எண் வேண்டும். “அடிக்கடி” என்று எழுதினால் சண்டை வரும். “பார்த்த 60 நாட்களில் 11 நாட்கள்” என்று எழுதினால் வராது. எல்லையையும் கூடவே சொல்ல வேண்டும். பார்த்தது வாடைக்காலத்து இரண்டு மாதம்தான். அதை வைத்து ஆண்டு முழுக்க இப்படித்தான் என்று சொல்ல முடியாது.

இன்னொரு எல்லை இதைவிட நுட்பமானது. லாக்கர் அளப்பது அறைக் காற்றின் வெப்பநிலையை. பெட்டிக்குள் இருக்கும் கணவாயின் நடுப்பகுதி அவ்வளவு வேகமாகச் சூடாகாது. நிர்வாகமும் வாய்ப்பேச்சில் இதைத்தான் சொன்னது. அது நியாயமான பேச்சு. ஆனால் அந்த நேரங்களில் யாரும் மீனின் வெப்பநிலையை அளந்து எழுதி வைக்கவில்லை. ஆகவே “மீன் கெட்டது” என்றும் எழுத முடியாது, “மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை” என்றும் எழுத முடியாது. “அறைக் காற்று ஏறியது, மீனின் வெப்பநிலை பதிவாகவில்லை” என்பதுதான் சாட்சியம் தாங்கும் அளவு. மாறி மாறி ஏறி இறங்கும் குளிரில் சதைக்குள் இருக்கும் சின்ன ஐஸ் துகள்கள் கரைந்து, பெரிய துகள்களோடு சேர்ந்து உறையும். அவை சதையைக் கிழிக்கும். உருக்கும்போது நீர் வடிந்து எடை குறையும். வாங்குபவர் கண்டெய்னரைத் திறந்து சோதிக்கும்போதுதான் இது வெளியே தெரியும். பதிவு இல்லாததே ஏன் பெரிய குறை என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

அடுத்தது தரம். அது ஆடிட்டரின் கணிப்பு என்றாலும் மனம்போன போக்கில் போடுவதில்லை. மறுபடி நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு அடி என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அளவுகோல் கம்பெனியிடமே இருக்கும். இங்கே அந்த அளவுகோலில், ஒரு சரக்கு முழுவதும் திரும்பி வரக்கூடிய நிலை என்றால் உயர். புகார் வரவில்லை என்பது இதுவரை நடக்கவில்லை என்று மட்டும்தான் காட்டுகிறது. சுருக்குபவர் இந்த வழக்கில் தீர்ப்பு சொல்லக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தரத்தைத் தானே கண்டுபிடித்துப் போடவும் கூடாது. ஆடிட்டரின் தரத்தை அப்படியே எழுதி, ஒரு வரிக் காரணம் தந்து, நிர்வாகம் ஏற்கவில்லை என்பதைப் பதில் பகுதியில் எழுத வேண்டும்.

பதிலைப் படிக்கும்போது நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பதில் காரணத்தைத் தொடுகிறதா? அலாரத்தைச் சரிசெய்தால் ராத்திரி ஷிப்டுக்காரருக்கு அறை சூடாவது தெரியும். தெரிந்து அவர் என்ன செய்வார்? இரண்டாவது கம்ப்ரசரை ஓட்ட மின்சாரம் இல்லை. காரணத்தைத் தொடும் பகுதி “பரிசீலிக்கப்படும்” என்ற சொல்லில் நிற்கிறது. அதற்குப் பொறுப்பாளரும் இல்லை, தேதியும் இல்லை. இதைச் சுருக்கத்தில் சொல்லியாக வேண்டும். அது நிர்வாகத்தைக் குறை சொல்வதாகாது. பதிலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதுவதுதான்.

திருத்திய பிறகு அந்த வரி இப்படி ஆனது:

கண்டறிந்தது: அக்டோபர், நவம்பரில் பார்த்த 60 நாட்களில் 11 நாட்கள், அறை வெப்பநிலை ஒரு மணி நேரத்துக்கு மேல் மைனஸ் 18-ஐத் தாண்டியது, அதிகபட்சம் மைனஸ் 12. இதில் 9 நாட்கள் மின்தடையோடு பொருந்துகின்றன. ஜெனரேட்டரில் ஒரு கம்ப்ரசர் மட்டுமே ஓடும். மீனின் வெப்பநிலை பதிவாகவில்லை.

ஆடிட்டரின் தரம்: உயர். சரக்கு திரும்பி வர வாய்ப்புண்டு.

நிர்வாகத்தின் பதில்: தரத்தை ஏற்கவில்லை, புகார் வரவில்லை என்பதால் நடுத்தரம் போதும் என்கிறது. அலாரத்தைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்கிறது. ஆடிட்டர் இன்னும் பார்க்கவில்லை. கூடுதல் ஜெனரேட்டருக்குப் பொறுப்பாளரும் தேதியும் தரவில்லை.

முன்பு ஒரு வரி, இப்போது சுமார் பத்து வரி. நீளம் கூடியது என்ற புகார் வரும். அப்புறம் எங்கே சுருக்குவது? ஆபத்து “குறைவு” என்று ஆடிட்டர் தரம் போட்ட கண்டறிதல்களில். இந்த அறிக்கையில் அவை ஆறு: கேட் பாஸில் கையெழுத்து விட்டுப்போனது போன்றவை. எண்ணிக்கையை மட்டும் சொல்லி முழு அறிக்கையின் பக்க எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும்.

ஒரு நடுத்தரத் தரமும் இருந்தது, அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் கம்பெனி படகு உரிமையாளர்களுக்கு முன்பணம் கொடுத்து, பிறகு வரும் மீனில் கழித்துக்கொள்ளும். பாக்கித் தொகையை உரிமையாளரிடம் எழுத்தில் உறுதிப்படுத்தவில்லை என்பது கண்டறிதல். நிர்வாகம் மறுத்தது: கையெழுத்து கேட்டால் படகுக்காரர் அடுத்த வியாபாரியிடம் போய்விடுவார், இந்தத் தொழில் வாய்ச்சொல்லில் நடக்கிறது என்றது. ஆடிட்டர் சொல்வதும் உண்மை, நிர்வாகம் சொல்வதும் இந்தக் கரையை அறிந்தவர் சொல்லும் உண்மை. இங்கே ஆபத்தைத் தெரிந்தே ஏற்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் இயக்குநர்கள். “ஒப்புக்கொள்ளவில்லை” என்ற சொல்லை மென்மையாக்கி “விவாதிக்கப்பட்டது” என்று எழுதிவிட்டால், முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்வேன். தலைப்புகளை எல்லாம் மறைத்துவிட்டு, அறிக்கையைப் படிக்காத ஒருவரிடம் தாளைக் கொடுப்பேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே “ஆ” அல்லது “நி” என்று குறிக்கச் சொல்வேன்: ஆடிட்டர் சொன்னதா, நிர்வாகம் சொன்னதா. எந்த வரியில் பேனா தயங்குகிறதோ அந்த வரியில் எழுவாய் விட்டுப்போயிருக்கிறது. முதல் சுருக்கத்தைக் கொடுத்தபோது, கோல்டு ஸ்டோரேஜ் வரியில் அவர் இரண்டு எழுத்தையும் எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

தை பிறந்த பிறகு ஆடிட்டர் மறுபடி வந்தார். மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லி, இரண்டாவது அறை வாசலில் கடிகாரத்தோடு நின்றார். அலாரம் அடித்தது. கம்ப்ரசர் ஓடவில்லை. சுருக்கத்தில் நான்காவதாக ஒரு பகுதியைச் சேர்த்து, அவர் பார்த்த தேதியோடு இரண்டையும் எழுதினோம்.