"பேரைத்தான் போடலையே சார்!"

போன வாரமும் ஒருவர் இதே வாக்கியத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தார். "லிங்க்ட்இன் பதிவுல கிளையன்ட் பேரைப் போடலை சார், ஊரையும் போடலை. அப்புறம் எதுக்கு சார் நோட்டீஸ்?"

காரைக்குடியில் சொத்து, ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட வேலைகளைப் பார்க்கிற வழக்கறிஞர் நான். பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் காண்ட்ராக்டர்களும் அவர்களிடம் வேலை பார்க்கும் இளம் பொறியாளர்களும் என்னிடம் நிறைய வருவார்கள். செய்த வேலையை லிங்க்ட்இன்னில் காட்டி அடுத்த வேலையைப் பிடிக்க நினைப்பதில் தப்பே இல்லை. (எங்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சிலின் 36-ஆம் விதி வாயைக் கட்டி வைத்திருக்கிறது.) ஆனால் பெயரை மறைத்துவிட்டால் ரகசியம் காப்பாற்றப்பட்டதாக நினைக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஊரையும் எண்களையும் இன்னும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

வெளியூர் கம்பெனி ஒன்று நம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டை வாங்கி ஹோட்டலாக்கத் திட்டமிட்டது. வீட்டுக்கு ஒன்பது பங்கு. ஏழு பங்குகளுக்குக் கிரயம் முடிந்துவிட்டது. பாக்கி இரண்டில் ஒருவர் தேவகோட்டையில், இன்னொருவர் மலேசியாவில். எதற்காக வாங்குகிறோம் என்பதைக் கம்பெனி வெளியே சொல்லவில்லை. விற்பவரின் உரிமையைப் பற்றித் தனக்குத் தெரிந்த முக்கியமான விஷயத்தைத்தான் வாங்குபவர் மறைக்கக் கூடாது. தன் வியாபாரத் திட்டத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்தக் கடைசி இரண்டு பங்கு ஏன் அவ்வளவு முக்கியம்? பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமை அவருக்கு வராது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சரி, பாகம் கேட்டு வழக்குப் போடலாம் என்றால், 1893-ஆம் வருடத்துப் பாகப் பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவைக் காட்டி, மிச்சமிருக்கும் பங்காளி இவர் பங்கையே நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். ஆக, ஏழு பங்குக்குப் பணம் கொட்டியவர் மீதி இரண்டு பேர் தயவில் நிற்கிறார். அந்த நேரத்தில் 'இங்கே ஹோட்டல் வரப்போகிறது' என்ற ஒரே செய்திதான் கம்பெனியின் ரகசியம்.

காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்த பொறியாளர் தம்பி இரண்டு மாதத்தில் மூன்று பதிவு போட்டார். முதலாவதில் வளவில் ஒரு தேக்குத் தூணும் கீழே ஆத்தங்குடிக் கல்லும். அடுத்ததில் சுவரில் ஒட்டிய வரைபடத்துக்கு முன்னால் அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். கம்பெனி பெயர் இருந்த மூலையை ஒழுங்காக வெட்டியிருக்கிறார், பாராட்டலாம். மூன்றாவதில், நூறு வருடத்து வீட்டை 18 அறை ஹோட்டலாக மாற்றும் குழுவில் தானும் இருப்பதில் பெருமை என்று எழுதியிருந்தார். எந்தப் பதிவிலும் பெயர் இல்லை, ஊர் இல்லை. உண்மைதான்.

தூணின் செதுக்கு வேலையைப் பார்த்த உடனேயே அந்த வீட்டில் பிறந்த யாருக்கும் அது தங்கள் வீடு என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் தூண் வேறு, கல்லின் பூ வேறு, முகப்பில் இருக்கும் சுதை வேறு. அந்தத் தரையில் தவழ்ந்தவர்களுக்குக் கதவு எண்ணா வேண்டும்? 18 அறை என்றது திட்டத்தின் அளவைச் சொல்லிவிட்டது. கம்பெனி யார் என்பதை லைக் போட்டவர்களின் பட்டியல் சொன்னது. அந்தக் கம்பெனியின் மேலாளரே முதல் பதிவுக்குக் கைதட்டியிருந்தார்! போதாததற்கு ஒரு நண்பர், "செவ்வாய்க்கிழமை கானாடுகாத்தான் வருவீங்கள்ல?" என்று கமெண்டில் கேட்டிருந்தார். (ஊர் நான் மாற்றியது. கமெண்ட் நிஜம்.)

தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் ஒன்றுமில்லை. ஆனால் தேடுகிறவர் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. உங்கள் பக்கத்துக்கு வந்து மேலிருந்து கீழே வரை ஒரே மூச்சில் படிக்கிறார். பதிவு, கமெண்ட், லைக், புதிதாகச் சேர்ந்த நட்பு, உங்கள் முதலாளி யார் என்ற விவரம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. நீங்கள் மறைத்தது ஒரு சொல்லை. அதைச் சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் நீங்களேதான் எழுதி வைத்திருக்கிறீர்கள். உங்களைத் தெரியாத ஆயிரம் பேருக்குப் புரியாமல் இருந்து என்ன பயன்? அந்த ரகசியத்தால் லாபம் அடையக்கூடிய நாலு பேருக்கும் விஷயம் பாதி ஏற்கெனவே தெரியும்.

குடும்ப வாட்ஸ்அப் குழு வழியாக மூன்றாவது பதிவு மலேசியாவுக்குப் போனது. பேசி முடித்திருந்த விலை மூன்று மடங்கானது. தேவகோட்டைக்காரரும் அதையே கேட்டார். கம்பெனி காண்ட்ராக்டரின் ஒப்பந்தத்தை ரத்து செய்து நஷ்டஈடு கேட்டது. தம்பிக்கு வேலை போயிற்று. அவர் கையெழுத்துப் போட்ட தாளில், திட்டம் என்று ஒன்று இருப்பதே ரகசியம் என்று தெளிவாக எழுதியிருந்தது. படிக்கவில்லையாம்.

தாளே இல்லாவிட்டாலும் தப்பித்துவிட முடியாது. வியாபார ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை என்பது சரிதான். ஆனால் நம்பிக் கொடுத்த தகவலை வெளியிட்டால் நம்பிக்கை மீறல் என்ற அடிப்படையில் நீதிமன்றம் தடை விதிக்கும்.

"போட்டோவில் ஜிபிஎஸ் இருக்குமே, அதை எடுத்துட்டா போதுமா சார்?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். பெரிய தளங்கள் அதைப் பெரும்பாலும் தாங்களே நீக்கிவிடும். வாட்ஸ்அப்பில் டாகுமென்டாக அனுப்பினால்தான் அப்படியே போகும். எடுத்துவிடுங்கள், நல்லதுதான். தூணை என்ன செய்வீர்கள்?

வேலை நடக்கும்போது திட்டத்தைப் பற்றி எழுதாதீர்கள், தொழிலைப் பற்றி எழுதுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சு எப்படி உதிர்கிறது என்று எழுதலாம். உங்கள் பட்டறையில் ஒரு பலகையில் பூசிக் காட்டிப் படம் எடுக்கலாம். உங்களுக்கு வேலை தெரியும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்; யாருடைய வீடும் அதில் இல்லை.

திட்டத்தைத்தான் காட்ட வேண்டும் என்றால், கிளையன்ட் தானே அறிவிக்கும்வரை பொறுங்கள். அப்புறமும் "போடலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். போடப்போகிற வரிகளையும் படங்களையும் அப்படியே உங்கள் முதலாளிக்கு அனுப்பி, அவர் மூலமாகக் கிளையன்டின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். சைட்டில் இருக்கும் மேலாளர் தலையாட்டியது சம்மதம் ஆகாது; லைக் போட்டதும் ஆகாது.

உங்கள் கண்ணை நம்பாமல் ஒரு சோதனையும் செய்யலாம். அந்த வீட்டுக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் இந்த ஊர்ப்பக்கம் நன்றாகத் தெரிந்த ஒரு ஆச்சியிடமோ மூத்த கொத்தனாரிடமோ, வேறு எதுவும் சொல்லாமல், முன்பே ஊரறிந்த வேறொரு வீட்டில் இதே மாதிரி எடுத்த படத்தைக் காட்டி "இது எந்த வீடு?" என்று கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் உங்கள் படமும் அவ்வளவுதான். நிஜப் படத்தைக் காட்டிக் கேட்டுவிடாதீர்கள், அதுவே கசிவு.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? தயவுசெய்து சத்தமில்லாமல் அழித்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பதிவு, கமெண்ட், லைக் போட்டவர்கள், நேரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, பிறகு நீக்கி, அன்றைக்கே முதலாளியிடம் சொல்லுங்கள். அந்தத் தம்பி முதல் பதிவு போட்ட அன்று சொல்லியிருந்தால், மீதி இரண்டு பங்குக்கும் கம்பெனி உடனே முன்பணம் கொடுத்து எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்கும். அப்போது விலை ஏறவில்லை.