கார்பன் தடம்: கணக்கில் எந்த எண்ணை நம்புவது?

ஒருவருடைய வாழ்க்கையால் ஆண்டுக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் சேர்கிறது என்று சொல்வதுதான் கார்பன் தடம். கணக்கிடும் முறையில் மர்மம் எதுவும் இல்லை. எவ்வளவு பயன்படுத்தினோம் என்பதை, ஓர் அலகுக்கு எவ்வளவு வெளியாகும் என்ற எண்ணால் பெருக்க வேண்டும். இந்த இரண்டாவது எண்ணை உமிழ்வுக் காரணி என்பார்கள். பெருக்கல் எல்லாருக்கும் வரும். எந்தக் காரணி எவ்வளவு உறுதியானது என்று தெரியாமல் விடையைப் படிப்பதில்தான் பிசகு நேர்கிறது.

தாம்பரத்தில் நான்கு பேர் வாழும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான், ஆனால் எண்கள் அந்த அளவிலான குடும்பங்களில் காணக்கூடியவை. வேலைக்குப் போகும் அம்மாவின் தடத்தைக் கணக்கிடுவோம்.

முதலில் மின்சாரம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பு. ஆகவே ஆண்டுக்கு ஆறு ரசீதுகள். இந்த வீட்டில் அவை 300, 340, 520, 560, 380, 300 யூனிட், மொத்தம் 2400. கட்டிய பணத்தைப் பார்க்கக் கூடாது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிக்கட்டு போல் விலை ஏறும். பணத்துக்கும் கார்பனுக்கும் நேர்ப் பொருத்தமே இல்லை. இலவச யூனிட்டும் எங்கோ ஓர் உலையில் நிலக்கரி எரிந்து வந்ததுதான்.

காரணியை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2022-23இல் இந்திய மின்கட்டமைப்பின் சராசரி யூனிட்டுக்கு 0.716 கிலோ, 2023-24இல் 0.727. தமிழ்நாட்டில்தான் இவ்வளவு காற்றாலைகளும் கூடங்குளமும் இருக்கின்றனவே, நமக்கென்று தனிக் காரணி வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தென்னகக் கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு இணைக்கப்பட்டது. அன்றிலிருந்து நாடு முழுவதும் ஒரே கட்டமைப்பு. வீட்டுக்கு வரும் மின்சாரம் முப்பந்தல் காற்றிலிருந்து வந்ததா, சத்தீஸ்கர் நிலக்கரியிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் நாட்டுச் சராசரியே நியாயமானது.

ஆனால் அந்த எண் மின்நிலைய வாசலில் அளந்தது. கம்பி வழியே வரும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. இழப்பு பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், நம் மீட்டரில் விழும் ஒரு யூனிட்டுக்கு 0.8 கிலோ. 2400 யூனிட்டுக்கு 1920 கிலோ, நான்கு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 480. சமையல் எரிவாயுவையும் இங்கேயே முடித்துவிடலாம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்தால் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆண்டுக்கு ஒன்பது சிலிண்டர் என்றால் ஆளுக்கு 95 கிலோ.

வெளிநாட்டு இணையக் கணிப்பான்களில் பெரும்பாலும் இங்கேதான் கணக்கு பிசகுகிறது. பிரிட்டன் மின்சாரத்தின் காரணி இப்போது ஏறக்குறைய 0.2; நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கென்று செய்த கணிப்பானில் நம் யூனிட்டைப் போட்டால், வீட்டு மின்சாரம் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கணிப்பான் மின்சாரத்துக்கு ஓர் ஆண்டுக்குக் காட்டும் கிலோவை, ஆறு ரசீதுகளையும் கூட்டிய உங்கள் ஆண்டு யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். 0.7க்கும் 0.9க்கும் இடையில் வந்தால் இந்தியாவுக்கானது. 0.2, 0.3 என்று வந்தால் மூடிவிடலாம். 1.6 என்று வந்தால், மாதக் கணக்கு கேட்ட இடத்தில் இரண்டு மாத ரசீதை இட்டிருக்கிறீர்கள்.

அடுத்தது பயணம். எரிபொருளில் இருக்கும் கார்பன் அப்படியே புகையாக வெளியேறுவதால், இந்தக் காரணி வேதியியல் தரும் உறுதியான எண். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. ஸ்கூட்டரில் நாளுக்கு 20 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் 120 லிட்டர், அதாவது 276 கிலோ. பெட்ரோலைத் தோண்டி எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவருவதில் வெளியாவதையும் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடும். எத்தனாலும் கலந்திருப்பதால் கொஞ்சம் குறையும். இதே தூரத்தை அவர் பேருந்தில் போனால்? லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்தில் 40 பேர் இருந்தால் ஒருவருக்குக் கிலோமீட்டருக்கு 13 கிராம்தான். ஸ்கூட்டரில் 46 கிராம்.

ஆண்டுக்கு ஒரு முறை டெல்லிக்கு விமானத்தில் போய் வருகிறார். ஏ320 ரக விமானம் சென்னையிலிருந்து டெல்லி செல்ல ஆறரை டன் அளவில் எரிபொருள் குடிக்கும். ஒரு கிலோ விமான எரிபொருள் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மாறும். 150 பயணிகளுக்குப் பகிர்ந்தால் ஒரு வழிக்கு ஏறக்குறைய 137 கிலோ, போய்வர 270. ஆண்டு முழுதும் ஓட்டிய ஸ்கூட்டரும் இந்த ஒரே பயணமும் சமம். விமானம் வானத்தில் விட்டுச்செல்லும் வெண்கோட்டு மேகங்களும் பூமியைச் சூடாக்குகின்றன. அதற்காக 1.7ஆல் பெருக்குவோரும் உண்டு. அப்போது 460 ஆகும். இரண்டு கணிப்பான்கள் ஒரே பயணத்துக்கு இரண்டு எண் தந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இனி உணவு. அதிகம் கவனிக்க வேண்டிய பகுதி இது, ஏனென்றால் இங்கே எண் பெரிது, உறுதி சிறிது.

அரிசி மாதம் எட்டு கிலோ, ஆண்டுக்கு 96. நீர் நின்ற வயலில் காற்றுப் புகாத சேற்றுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அது நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலேறி வெளியேறுகிறது. பூர், நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பல நாட்டுப் பண்ணைகளின் எண்களைத் திரட்டிக் கிடைத்த அரிசியின் சராசரி, மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிச் சொன்னால், கிலோவுக்கு நாலரை கிலோவை ஒட்டி வருகிறது. இடத்துக்கு இடம் இது பெரிதும் மாறும். இங்கே குறைவாகவே 3 என்று வைத்தால் 290 கிலோ. பால் நாளுக்கு 400 மில்லி. அதே ஆய்வின் சராசரி லிட்டருக்கு 3 கிலோ அளவில், ஆண்டுக்கு 440. காபி, தயிர், மோர் எல்லாம் சேர்ந்து ஸ்கூட்டரைத் தாண்டிவிட்டன. மாதம் அரைக் கிலோ ஆட்டிறைச்சி, கிலோவுக்கு 40 வீதம் 240. மாதம் ஒரு கிலோ கோழி, கிலோவுக்கு 10 வீதம் 120. பருப்பு, காய்கறி, எண்ணெய், சர்க்கரை, முட்டை எல்லாவற்றுக்குமாக 150. உணவு மொத்தம் 1240 கிலோ.

ஆக மின்சாரமும் எரிவாயுவும் 575, பயணம் 546, உணவு 1240. கூட்டினால் 2.4 டன் அளவில் வரும், அதில் பாதிக்கு மேல் சாப்பாடு.

அதற்காகச் சாப்பாடுதான் முதல் குற்றவாளி என்று முடிவு கட்டக் கூடாது. மின்சாரத்தின் 480 பத்து விழுக்காடு முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். யூனிட்டை மீட்டர் அளந்திருக்கிறது. பாலின் 440 அப்படியல்ல. நம் ஊர் மாடு பால் மட்டும் தருவதில்லை. சாணம் வயலுக்குப் போகிறது, கன்று விற்கப்படுகிறது. மாட்டின் மொத்த மீத்தேனைப் பாலின் மேல் மட்டும் சுமத்துவதா, இவற்றுக்கும் பகிர்வதா என்பதைப் பொறுத்தே எண் இறங்கும், ஏறும். குறைவாகக் கறக்கும் மாட்டில் ஒரு லிட்டருக்கான பங்கு கூடும். இந்த 1240ஐ 800 முதல் 1800 வரையிலான ஒரு பட்டை என்று படிப்பதே நேர்மை.

இன்னொன்றும் இருக்கிறது. மீத்தேனைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிச் சொல்லும்போது, நூறு ஆண்டுக் கணக்கில் 28 மடங்கு என்று எடுப்பது வழக்கம். மீத்தேன் காற்றில் 12 ஆண்டு அளவில்தான் நிற்கும், ஆனால் நிற்கும்வரை கடுமையாகச் சூடாக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது 80 மடங்கு. அரிசி, பால், ஆட்டிறைச்சி மூன்றும் உடனே பெருத்துவிடும். ஸ்கூட்டர் எண்ணில் ஒரு கிராம்கூட மாறாது. எந்தக் கால அளவை எடுக்கிறோம் என்பது அளவீடு அல்ல, நம் தேர்வு. அதைச் சொல்லாத கணிப்பானின் உணவுப் பகுதியை நான் நம்புவதில்லை.

இந்த 2.4 டன்னை நாட்டுச் சராசரியோடு ஒப்பிடுவதும் வழக்கமான பிழை. இந்தியாவின் தனிநபர் சராசரி 2 டன் அளவு என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் எரிபொருளாலும் சிமென்டாலும் வரும் கார்பன் டை ஆக்சைடு மட்டும். அதில் வயல் மீத்தேன் இல்லை. மறுபுறம் அந்தச் சராசரியில் சிமென்ட், எஃகு, மருத்துவமனை, சாலை, ராணுவம் எல்லாம் உண்டு. நம் மூன்று தலைப்புகளில் இவை இல்லை. அம்மாவின் கைபேசியும் புடவையும்கூட இல்லை. 'சராசரியை விடச் சற்று அதிகம்' என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது.

எண்ணை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். எதை மாற்றினால் எவ்வளவு நகரும் என்று கேளுங்கள். ரசீதுகளைப் பாருங்கள்: கோடை இல்லாத இரண்டு மாதத்துக்கு 300. அந்த அளவே ஆண்டு முழுவதும் இருந்தால் 1800தான். மீதி 600 யூனிட் வெயிலோடு வந்தது, பெரும்பாலும் இரவில் ஓடிய ஏசி. சராசரிக் காரணியில் இது வீடு முழுவதற்குமாக 480 கிலோ. ஆனால் இரவில் சூரிய மின்சாரம் இல்லை. நாம் ஒரு யூனிட் குறைத்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள்வது பெரும்பாலும் நிலக்கரி நிலையமே, அது யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ விடுகிறது. அதனால் இரவு ஏசியில் மிச்சப்படுத்தியதன் உண்மைப் பலன் கணிப்பான் காட்டுவதை விடக் கூடுதல். ஆட்டிறைச்சியைக் கோழியாக மாற்றினால் 180 கிலோ குறையும். காரணி பாதியாகவே இருந்தாலும் இறங்கும் திசை மாறாது. டெல்லிக்கு ரயிலில் போனால் 270இல் பெரும்பகுதி போய்விடும், இதில் சந்தேகமே இல்லை.

அரிசியில் மட்டும் கணிப்பான் கை கொடுக்காது. தண்ணீரைக் கட்டி நிறுத்தாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் வயலில் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைகிறது. தட்டில் விழும் சோறு எந்த வயலுடையது என்று கணிப்பானுக்குத் தெரியாது. கிலோவை மாறாத எண்ணால் பெருக்க மட்டுமே அதற்குத் தெரியும். அந்தக் குறைப்பு வயலுக்கு நேரத்தில் தண்ணீர் கிடைப்பதையும் வடிகாலையும் பொறுத்தது, சாப்பிடுபவரின் கட்டுப்பாட்டில் இல்லை.

அடுத்த ஆண்டு மறுபடி கணக்கிடும்போது, இரண்டு ஆண்டுக்கும் ஒரே காரணியை வையுங்கள். மேலே சொன்ன 0.716இலிருந்து 0.727க்கான ஏற்றத்தால் மட்டுமே, ஒரு சுவிட்சைக்கூடக் கூடுதலாகப் போடாத இந்த வீட்டின் கணக்கில் 26 கிலோவுக்கு மேல் கூடியிருக்கும். கட்டமைப்பு மாறியது எவ்வளவு, வீடு மாறியது எவ்வளவு என்று தனித்தனியே தெரிய வேண்டுமானால் முதலில் யூனிட்டையும் லிட்டரையும் கிலோவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டன்னை அதற்குப் பிறகு போடலாம்.