ஆறு பேர், ஒரு சட்டை: வேலையைப் பிரிப்பதால் எப்படி எண்ணிக்கை கூடுகிறது?

பெங்களூரு ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால், மாடிக்கு மாடி தையல் மிஷின் சத்தம் கேட்கும். பெரிய கம்பெனிகளும் உண்டு, வீட்டு மாடியில் ஆறேழு மிஷின் போட்டு நடத்தும் சின்ன யூனிட்டுகளும் உண்டு. கார்மென்ட் தொழிற்சாலையில் வேலை நேரத்தை அளந்து தையல் லைனைச் சீராக்குவதுதான் என் உத்தியோகம். போன ஏப்ரலில் தர்மபுரிக்காரர் ஒருவர் தன் யூனிட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். ஜூன் முதல் வாரத்துக்குள் பள்ளி யூனிஃபார்ம் சட்டைகளைக் கொடுத்தாக வேண்டும். ஆறு டெய்லர்கள் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து அரைக்கை சட்டை, மொத்தம் அறுபது. "ஆள் போடலாம்னா மிஷினுக்கு இடம் இல்ல தம்பி. இருக்கிறவங்களை வெச்சே ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

அங்கே கட்டிங் மட்டும் தனி வேலை. துணியை அடுக்கிவைத்து யூனிட்டை நடத்தும் அந்த அண்ணனே வெட்டிக் கொடுப்பார். தையலில் ஒவ்வொருவரும் காலர் முதல் பட்டன் வரை முழுச் சட்டையையும் தாங்களே முடித்தார்கள்.

முதல் நாள் நான் எதையும் மாற்றவில்லை. ஒரே ஒரு டெய்லருக்குப் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தேன். சாப்பாடு, டீ போக அவருக்குக் கிடைப்பது 450 நிமிஷம், ஆக ஒரு சட்டைக்கு 45 நிமிஷம். அதில் ஊசி ஓடிய நேரம் 12 நிமிஷம்கூட இல்லை. மீதி நேரம் துண்டுகளைத் தேடி எடுப்பது, ஓரத்தோடு ஓரம் சேர்ப்பது, கத்தரியை எடுப்பது, காலருக்கு உட்கார்ந்த கையைப் பாக்கெட்டுக்குப் பழக்குவது என்று போனது. அதைவிடப் பெரிய ஓட்டை, துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் இருந்தது. யூனிட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. தோள்பட்டை சேர்க்கவும் பக்கத் தையலுக்கும் ஆறு பேரும் எழுந்து அதனிடம்தான் போக வேண்டும். போனால் அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

வேலையைப் பிரித்தால் ஏன் மொத்த எண்ணிக்கை கூடுகிறது என்பதற்குப் பதில் இந்த வீணாகும் நிமிஷங்களில்தான் இருக்கிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது கை பழகி வேகம் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம் மிச்சமாகிறது, ஒரு மிஷின் ஒருவர் கையில் நாள் முழுக்க ஓடுகிறது. 1776-இல் ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிலை உதாரணமாகக் காட்டி எழுதியதும் ஏறக்குறைய இதுதான்: பத்து பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளைக்கு 48,000 ஊசி செய்தார்கள், பழக்கமில்லாத ஒருவர் தனியாகச் செய்தால் இருபதைத் தாண்டுவது கஷ்டம்.

1832-இல் சார்லஸ் பாபேஜ் இன்னொரு காரணம் சேர்த்தார். வேலையைப் பிரித்தால், கஷ்டமான பகுதிக்கு மட்டும் தேர்ந்த கையை வைத்துக்கொள்ளலாம். இந்த யூனிட்டில் அது கண்ணெதிரே தெரிந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்து அக்கா ஒருவர் காலர் தைத்தால் இரண்டு முனையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்கும். அந்த அக்காதான் தன் பங்குக்குத் தினமும் பத்துச் சட்டைக்குக் காஜாவும் பட்டனும் போட்டுக்கொண்டிருந்தார்.

சரி, பிரித்தோம். முதல் இருக்கையில் அக்கா, காலர் தயாரிப்பு, 4 நிமிஷம். இரண்டாவதில் முன்பக்கப் பட்டியும் பாக்கெட்டும், 4 நிமிஷம். மூன்றாவதில் தோள் சேர்த்துக் காலர் ஏற்றுவது, 6½ நிமிஷம். நான்காவதில் கை மடித்து ஏற்றுவது, 4½. ஐந்தாவதில் பக்கத் தையல், வெறும் 2. ஆறாவதில் அடிமடிப்பு, காஜா, பட்டன், 4. கூட்டினால் 25 நிமிஷம். 45 நிமிஷ வேலை 25 ஆகிவிட்டது. கணக்குப்படி ஆறு பேர் 108 சட்டை தைக்க வேண்டும்.

கை பழக ஒரு வாரம் விட்டேன். அப்புறமும் வந்தது 69-தான். அண்ணன் முகம் வாடிவிட்டது. "இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார்.

வேலையைப் பிரிக்கிற பலரும் கைவிடும் இடம் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வரிசையாக வேலை நடக்கும்போது மொத்த வேகத்தை முடிவு செய்வது மிக மெதுவான இருக்கை. மூன்றாவது இருக்கை ஒரு சட்டைக்கு 6½ நிமிஷம் எடுத்தால், 450 நிமிஷத்தில் அதன் வழியாக 69 சட்டைக்கு மேல் போக முடியாது, மற்ற ஐந்து பேரும் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும். இதைக் கண்டுபிடிக்க ஸ்டாப்வாட்ச்கூட வேண்டாம். காலையில் வேலை தொடங்கி நாலு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். எந்த மிஷினுக்கு முன்னால் துணி மலைபோலக் குவிந்திருக்கிறதோ அதுதான் நெருக்கடி. எங்கே டெய்லர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ அங்கே நேரம் மிச்சம். எங்கள் லைனில் மூன்றாவது இருக்கைக்கு முன்னால் இருபதுக்கு மேல் காலரும் முன்பக்கமும் சேர்ந்துகிடந்தன. ஐந்தாவது இருக்கையில் இருந்த பையன் போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சோம்பேறி இல்லை, அவனிடம் வேலை வந்து சேரவில்லை.

மூன்றாவது இருக்கையின் வேலையில் தோள் சேர்ப்பது 1½ நிமிஷம். அது ஓவர்லாக் தையல், ஓவர்லாக் மிஷின் இருப்பதோ பக்கத் தையல் போடும் ஐந்தாவது பையனிடம். ஆகவே முன்பக்கம் தயாரானதும் அவனே தோளைச் சேர்த்து மூன்றாவது இருக்கைக்குத் தரட்டும் என்று மாற்றி, அவன் மிஷினை நகர்த்தி அவர்களுக்குப் பக்கத்தில் போட்டோம். மூன்றாவது 5 நிமிஷம் ஆனது, ஐந்தாவது 3½. அடுத்த சில நாட்களில் எண்ணிக்கை 90-ஐத் தொட்டது. அதே ஆட்கள், அதே மிஷின்கள்.

இதில் வரும் சிக்கல்களையும் சொல்லிவிட வேண்டும். முன்பு ஒருவர் லீவு போட்டால் பத்துச் சட்டை குறையும், இப்போது லைனே நின்றுவிடும். ஊருக்குப் போனவர்கள் திங்கள்கிழமை வராமல் போவது இங்கே சகஜம். அதேபோல, முப்பது சட்டையாகக் கட்டு கட்டி அனுப்பியபோது, ஒருநாள் பாக்கெட் அரை இஞ்ச் கீழே இறங்கியது காஜா போடும் இடத்தில்தான் தெரியவந்தது. அதற்குள் முப்பதும் பழுது. கட்டை ஐந்தாகக் குறைத்த பிறகு, தவறு ஐந்தோடு நிற்கிறது. சின்ன ஆர்டருக்கு இந்த முறையே ஒத்துவராது. வேறு வேறு அளவில் நாற்பது சட்டை வந்தால், லைன் பழகுவதற்குள் ஆர்டர் முடிந்துவிடும். அதற்குப் பழையபடி ஆளுக்கு ஒரு சட்டைதான் சரி.

டெய்லர்களின் கவலை வேறு. இரண்டாம் வாரம் அந்தப் பையன் தனியாக வந்து கேட்டான்: "சார், ரெண்டு வருஷம் இதையே பண்ணா நான் சட்டை தைக்கவே மறந்துடுவேனே, வேற இடத்துல யார் வேலை குடுப்பாங்க?" நியாயமான கேள்வி. வேலையைப் பிரிக்கும்போது எளிய பகுதியைச் செய்பவரின் கூலியைக் குறைக்கலாம் என்ற ஆசை முதலாளிக்கு வரும், பாபேஜ் சொன்ன காரணத்துக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு. நாள் முழுக்க ஒரே அசைவு என்றால் கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கும். அண்ணனிடம் இரண்டு விஷயம் பேசினேன். அறுபதுக்கு மேல் வரும் ஒவ்வொரு சட்டைக்கும் ஆறு பேருக்கும் சமமாகப் பங்கு, வாரம் ஒரு நாள் இருக்கை மாற்றம். மாற்றுகிற நாளில் எண்ணிக்கை எழுபது சொச்சத்துக்கு இறங்கும் என்றும் சொன்னேன். யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் காலர் மிஷினில் அந்தப் பையன் உட்காருகிறான். அக்கா பின்னால் நின்று, முனையைத் திருப்பும் முன் நூலை எந்த இடத்தில் நறுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறார். ஒரு காலருக்கு இன்னும் ஏழு நிமிஷம் எடுத்துக்கொள்கிறான், ஆனால் போன மாதம் அக்கா மூன்று நாள் ஊருக்குப் போனபோது லைன் நிற்கவில்லை.