மேனேஜரிடம் பத்து நிமிடம் கேட்பது: ஒரு செய்தியின் ஒத்திகை

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் சூடுபிடித்துவிட்டால் மாங்கூழ் ஆலைகளில் மூன்று ஷிப்டும் ஓடும். காவேரிப்பட்டணம் பக்கமிருந்து பெங்களூரா மாம்பழம் லோடு லோடாக வந்து இறங்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் திணறுவதும் அப்போதுதான். ஷிப்ட் மாறும், கேட்க வேண்டிய விஷயம் ஒன்று வரும், ஆனால் மேனேஜர் முன்னால் போய் நிற்க வாய் வராது. மனநல ஆலோசகராக இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பெண்ணைப் பற்றி இங்கே எழுதுகிறேன். செல்வி என்று வைத்துக்கொள்வோம். ஆள் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

செல்வி ஆலையின் லேபில் டிரெய்னி. ஒவ்வொரு பேட்ச் கூழிலும் இனிப்பின் அளவான பிரிக்ஸும் புளிப்பைக் காட்டும் பிஎச்சும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. சீசனில் அவளுக்கு பி ஷிப்ட் போட்டார்கள். மதியம் 2 மணிக்கு ஆரம்பித்து இரவு 10 மணிக்கு முடியும். அவள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் 9.40க்கு. அதுவரை அண்ணன் பைக்கில் வந்து கூட்டிப்போனான். அவனுக்கு ஓசூரில் இரவு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அவளைக் கூட்டிப்போக ஆள் இல்லை.

மேனேஜருக்கு அனுப்ப வாட்ஸ்அப்பில் ஒன்று எழுதி, அனுப்பாமலே வைத்திருந்தாள். என்னிடம் காட்டினாள்:

"சார் வணக்கம் சார். தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சிடுங்க சார். நீங்க பிஸியா இருப்பீங்கன்னு தெரியும் சார். எனக்கு பி ஷிப்ட் கஷ்டமா இருக்கு சார், அண்ணன் இனிமே வர முடியாது, வீட்லயும் பயப்படறாங்க, முடிஞ்சா ஏ ஷிப்ட் மாத்தித் தர முடியுமா சார், முடியலன்னா பரவால்ல சார்."

"இதைப் படித்ததும் அவர் என்ன பதில் போடுவார்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சீசன் முடியட்டும்னு போடுவார், மேடம்" என்றாள். சரியாகச் சொன்னாள். பேச நேரம் கேட்க வேண்டிய செய்தி, விஷயத்தையே கொட்டிவிட்டது. கோரிக்கை முழுவதும் போனிலேயே போய்விட்டால் முடிவும் போனிலேயே வந்துவிடும், அதுவும் லோடு இறங்கும் அவசரத்தில் இரண்டு வார்த்தையில். போதாததற்கு, கடைசியில் அவளே "பரவால்ல" என்று மறுப்பையும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

அப்படியானால் சுருக்கமாக "சார் ஃப்ரீயா?" என்று போட்டுவிடலாமா என்று கேட்டாள். போடச் சொல்லி, நான் மேனேஜராகப் பதில் சொன்னேன்: "சொல்லும்மா." அவள் கை நின்றுவிட்டது. பழையபடி அந்த நீளக் கதையைத்தான் டைப் செய்ய வேண்டும். விஷயம் இல்லாத கேள்விக்கு "சொல்லு" என்பதைத் தவிர வேறு பதில் வராது.

பிறகு இருவரும் உட்கார்ந்து எழுதினோம், போனில் இருக்கும் நோட்ஸ் பக்கத்தில். சாட் பெட்டியிலேயே எழுதினால் அந்த நேரம் அவர் திறந்து பார்க்கும்போது 'டைப்பிங்' என்று தெரியும், விரல் தவறினால் பாதியிலேயே போய்விடும். அழித்தாலும் அழித்த தடயம் நிற்கும். கூச்சமுள்ளவர்களுக்கு இதுவே பெரிய பயம். கடைசியில் வந்தது இது:

"வணக்கம் சார். லேப் டிரெய்னி செல்வி. பி ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் பஸ் விஷயமாக உங்களிடம் 10 நிமிடம் நேரில் பேச வேண்டும். புதன் அல்லது வியாழன் மதியம் 1.30க்கு, ஷிப்டுக்கு முன் வரலாமா? வேறு நேரம் வசதி என்றால் சொல்லுங்கள், வருகிறேன்."

யார், எதைப் பற்றி, எவ்வளவு நேரம், எப்போது. அவ்வளவுதான். தலைப்பைச் சொல்லியாயிற்று, கோரிக்கையைச் சொல்லவில்லை. "உங்களிடம் தனியாகப் பேசணும்" என்று மட்டும் வந்தால், வேலையை விடப்போகிறாளா, யார் மேலாவது புகாரா என்று மேனேஜருக்கும் மனது அலையும். தலைப்பு தெரிந்தால் அவரும் ஷிப்ட் சார்ட்டைப் பார்த்துவிட்டு வருவார்.

இதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். அப்புறம் மூன்று பதில்களை ஒத்திகை பார்த்தோம். "சரி, வா" என்றால் "நன்றி சார், வருகிறேன்" போதும். "இங்கேயே சொல்லு" என்றால், "நேரில் சொன்னால் சரியாகப் புரியும் சார், 10 நிமிடம்தான்" என்று ஒரு முறை கேட்கலாம். ப்ளூ டிக் வந்து பதில் வரவில்லை என்றால் அன்றைக்கு ஒன்றும் செய்யாமல், மறுநாள் மாலை ஒரே வரியில் நினைவுபடுத்த வேண்டும். அவள் அதிகம் பயந்தது மூன்றாவதற்குத்தான். "டிக் மட்டும் வந்தால் என்ன நினைப்பீர்கள்?" என்று கேட்டதற்கு, "கோபமா இருக்கார்னு" என்றாள். அதை ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். என்ன நடந்தது என்று பிறகு பக்கத்திலேயே எழுத வேண்டும்.

ஒத்திகைக்கும் ஓர் அளவு உண்டு. சமூகப் பதற்றம் எப்படித் தொடர்கிறது என்பதை டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995-ல் விளக்கினார்கள். பதற்றம் உள்ளவர் கவனம் முழுவதையும் தன் மேலேயே திருப்பிக்கொள்கிறார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் காரியங்களே அந்தப் பயத்தை அழியவிடாமல் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு வார்த்தையையும் மனதில் ஓட்டிப் பார்ப்பதும் அப்படி ஒரு காரியம்தான். செல்வி, சந்திப்பில் சொல்ல வேண்டியதை மனப்பாடமாக ஒப்பித்தாள். நடுவில் நான் "எந்த பஸ்?" என்று கேட்டதும் தொடர்பு அறுந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். மனப்பாடத்தை விடச் சொல்லி, முதல் வாக்கியத்தையும் மூன்று குறிப்புகளையும் மட்டும் வைத்துக்கொண்டோம்: 9.40 பஸ், 1 மணிக்கு வந்து 9 மணிக்குக் கிளம்பலாமா, அந்தக் கடைசி ஒரு மணி நேர பேட்சைப் பார்க்க ஆள். செய்தியிலும் அதே கணக்குதான். பொருள் மாறாமல் வார்த்தையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் அனுப்பிவிட வேண்டும்.

செவ்வாய் காலை அனுப்பினாள். ப்ளூ டிக் வந்தது, பகல் முழுக்கப் பதில் இல்லை. இரவு எட்டரைக்கு, "வெள்ளிக்கிழமை வா" என்று வந்தது. பாய்லர் பிரச்சினையில் மாட்டியிருந்தாராம். தாளில் 'கோபம்' என்பதற்குப் பக்கத்தில் 'பாய்லர்' என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை குரல் நடுங்கியது என்றாள். சீசனில் ஏ ஷிப்ட் தர முடியாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அவள் 1 மணிக் கணக்கைச் சொன்னாள். ஆலை விடுதியில் தங்கியிருக்கும் சி ஷிப்ட் அக்கா ஒரு மணி நேரம் முன்னதாக 9 மணிக்கே வரச் சம்மதித்திருப்பதையும் சொன்னாள். இரண்டு வாரம் பார்க்கலாம், பதிவேட்டில் ஒரு பேட்ச்கூட விடுபடக்கூடாது என்று ஒத்துக்கொண்டார்.

இந்த வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தொல்லை கொடுப்பவரே அந்த மேனேஜர் என்றால் அவரிடம் தனியாக நேரம் கேட்கவே வேண்டாம். பாலியல் தொல்லை என்றால், 2013-ம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். முதலாளியே செய்தவர் என்றாலோ, 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். மேனேஜரோடு நிற்காமல், கேன்டீனில் சாப்பிடவும் போன் எடுக்கவும் கூடப் பல மாதங்களாகப் பயம் இருந்தால், ஒரு செய்தியைத் திருத்தி எழுதுவது போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.